களிமண் பொம்மையின் கன்னத்தில் யாருடைய விரல்?

மாணவர்களே, கைப்பேசியைத் திறந்தாலே இப்போது களிமண் பொம்மைப் படங்கள் வரிசையாக வருகின்றன. உருண்டை மூக்கு, பெரிய கண்கள், கன்னத்தில் விரல் ரேகை, இதமான வெளிச்சம், பின்னால் ஒரு குட்டிக் கடை. யாரோ பல நாள் உட்கார்ந்து பிசைந்து செய்ததைப் போல் இருக்கும். அவற்றில் பல, செயற்கை நுண்ணறிவுச் செயலியில் ஓரிரு வரி தட்டச்சு செய்து பெறப்பட்டவை. அந்த வரிகளைத்தான் ‘ப்ராம்ப்ட்’ என்கிறார்கள். இங்கே அதைக் ‘கட்டளை’ என்று சொல்கிறேன். பள்ளி அறிவியல் விழாச் சுவரொட்டிகளுக்கு உங்களில் பலர் இப்படிப்பட்ட படங்களைச் செய்து கொண்டுவருகிறீர்கள்.

அந்தக் கட்டளைகளை எழுதும் முறை பற்றி எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. பாணியின் பெயரை எழுதுவதை விட்டுவிட்டு, அந்தத் தோற்றம் ஏன் உண்டாகிறது என்ற காரணத்தை எழுதுங்கள். படம் வந்த பிறகு, அதே காரணத்தை வைத்து அதைச் சோதியுங்கள். இரண்டுக்கும் தேவையான அறிவியல் உங்கள் பாடநூலிலேயே இருக்கிறது.

நீங்கள் வழக்கமாக எழுதும் கட்டளை ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
claymation tea seller, fingerprints, soft studio lighting,
miniature set, cute, 4k
```

தேநீர் விற்பவர், விரல் ரேகைகள், மென்மையான ஒளி, குட்டி அரங்கம். எல்லாமே இதில் உண்டு. ஆனால் இந்தச் சொற்களில் இரண்டு ஒன்றோடொன்று சண்டை போடுகின்றன. அது என்ன சண்டை என்று பார்ப்பதற்கு முன், அந்த ரேகை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வோம்.

காயாத களிமண்

ஸ்டாப் மோஷன் படங்களில் வரும் பொம்மைகள் பலவற்றை ஆற்றங்கரைக் களிமண்ணால் செய்வதில்லை. அந்த மண்ணில் தண்ணீர் இருக்கிறது. விளக்கின் சூட்டில் காய்ந்து வெடித்துவிடும். 1897-இல் இங்கிலாந்தின் பாத் நகரில் வில்லியம் ஹார்பட் என்ற ஓவிய ஆசிரியர் தம் மாணவர்களுக்காகக் காயாத ஒரு களிமண்ணை உருவாக்கினார். அதுதான் பிளாஸ்டிசின். சுண்ணாம்புத் தூளைப் பெட்ரோலியம் ஜெல்லியோடும் கொழுப்பு அமிலத்தோடும் சேர்த்துப் பிசைந்தது. தண்ணீர் இல்லாததால் காய்வதில்லை. இன்று வைத்த கையை நாளையும் அசைக்கலாம்.

ஸ்டாப் மோஷன் கலைஞருக்கு இதுவே தேவை. பொம்மையைச் சிறிது அசைத்து ஒரு படம் எடுப்பார், மீண்டும் அசைத்து மற்றொன்று எடுப்பார். ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும் திரைப்படத்தில், ஒவ்வொரு நிலையையும் இரண்டு சட்டங்களுக்கு வைத்தாலும் நொடிக்கு 12 நிலைகள், நிமிடத்துக்கு 720 நிலைகள் ஆகின்றன. அத்தனை முறையும் விரல் பொம்மையைத் தொட வேண்டும். பிளாஸ்டிசின் மென்மையானது; தொட்ட விரலின் மேடு பள்ளங்களை அப்படியே வாங்கிக்கொள்ளும். இங்கிலாந்தின் ஆர்ட்மேன் நிறுவனம் எடுத்த வாலஸ், குரோமிட் படங்களில் நாம் காணும் ரேகைகள் இப்படி வந்தவை. அழகுக்காக யாரும் அவற்றை வரைந்து சேர்க்கவில்லை. வேலை நடந்ததன் தடயம் அது.

படம் உருவாக்கும் செயலிக்கு இந்தக் கதை தெரியாது. அது எண்ணற்ற படங்களையும் அவற்றோடு இருந்த விளக்கச் சொற்களையும் சேர்த்துப் பார்த்துப் பயின்றது. ‘விரல் ரேகை’ என்று எழுதினால், அந்தச் சொல்லோடு வந்த படங்களில் இருந்த வளைகோடுகளைப் போன்றவற்றைப் பரப்பின்மேல் போடும். எந்த விரல், எவ்வளவு பெரிய விரல், எந்தப் பக்கத்திலிருந்து அழுத்தியது என்று அது கணக்கிடுவதில்லை. அந்தக் கணக்கைப் போட வேண்டியவர் நீங்கள்.

மென்மையான ஒளி ரேகையை அழிக்கும்

இப்போது சண்டைக்கு வருவோம். ஒளி மென்மையாக இருப்பது எப்போது? நிழல் பாடத்தை நினைவுபடுத்துங்கள். ஒளிமூலம் சிறியதாக இருந்தால் நிழலின் ஓரம் கூர்மையாக இருக்கும். ஒளிமூலம் பெரியதாக இருந்தால் கருநிழலைச் சுற்றிப் புறநிழல் அகலமாகும், ஓரம் மங்கும். இங்கே பெரியது சிறியது என்பது பொம்மையிலிருந்து பார்க்கும்போது தெரியும் அளவு. 60 சென்டிமீட்டர் அகலமுள்ள சாஃப்ட்பாக்ஸ் விளக்கை 60 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்தால், 20 சென்டிமீட்டர் பொம்மைக்கு அது ஒரு பெரிய வெள்ளைச் சுவர் போல் இருக்கும். குட்டி அரங்கங்களில் ஒளி அவ்வளவு இதமாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

ஆனால் ரேகை கண்ணுக்குத் தெரிவது எதனால்? ஒவ்வொரு மேடும் பக்கத்துப் பள்ளத்தில் போடும் நிழலால். பள்ளத்தின் ஆழம் ஒரு தாளின் தடிமனைவிடக் குறைவு. விளக்கு பரப்புக்கு மேல் 45 பாகையில் இருந்தால், நிழலின் நீளம் மேட்டின் உயரத்துக்குச் சமம்; அவ்வளவு சிறியது. விளக்கை 10 பாகைக்கு இறக்கினால் அதே மேடு தன் உயரத்தைப் போல் ஐந்தரை மடங்குக்கும் சற்று அதிகமான நிழலைப் போடும். அப்போது ரேகை எழுந்து நிற்கும். ஒரு பெரிய மென்மையான விளக்கை நேர் முன்னால் வைத்தால், ஒளி பல பக்கமிருந்தும் பள்ளத்துக்குள் நுழைந்து நிழலையே அழித்துவிடும். ஆகவே ‘மென்மையான ஒளி’, ‘தெளிவான ரேகை’ என்ற இரண்டையும் வெறுமனே அடுத்தடுத்து எழுதுவது, ‘குடையை விரி, மழையில் நனை’ என்று சொல்வது போன்றது.

இதை நீங்களே பார்க்கலாம். ஒரு பிளாஸ்டிசின் உருண்டையில் கட்டைவிரலை அழுத்துங்கள். அறையை இருட்டாக்கி, கைப்பேசி விளக்கை நேர் மேலிருந்து பிடியுங்கள். பிறகு மெல்ல மேசை மட்டத்துக்கு இறக்குங்கள். ரேகை எந்த இடத்தில் தோன்றுகிறது என்று கவனியுங்கள். கடைசியாக விளக்குக்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துவிட்டு மறுபடியும் செய்யுங்கள். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்து பார்த்தவர் எழுதும் கட்டளை வேறு மாதிரி இருக்கும் என்பது என் நம்பிக்கை.

சண்டையைத் தீர்க்க வழி உண்டு. கன்னம் உருண்டையானது. பெரிய விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால், கன்னத்தின் ஒரு பகுதி ஒளியை நேராகப் பார்க்கும், ஒரு பகுதி இருளில் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒளி பரப்பை உரசிக்கொண்டு போகும் ஒரு பட்டை இருக்கும். அந்தப் பட்டையில் ரேகை தெளிவாகத் தெரியும். பின்சுவரில் விழும் நிழலோ மென்மையாகவே இருக்கும். பிளாஸ்டிசின் சற்று எண்ணெய்ப் பசை உள்ளது என்பதால், விளக்கின் பளபளப்பு விழும் இடத்தின் ஓரத்திலும் ரேகை மின்னும். மற்ற இடங்களில் அது மங்கிவிடும்.

இதிலிருந்து முதல் சோதனை கிடைக்கிறது. உங்களுக்கு வந்த படத்தில் ரேகை முகம் முழுவதும் ஒரே அழுத்தத்தில், வெளிச்சமான நடுப்பகுதியிலும் இருண்ட பக்கத்திலும் சமமாகத் தெரிந்தால், அது அச்சுக்குத்திய துணி மாதிரிதான். எந்த விளக்கும் அப்படிக் காட்டாது.

அரை மில்லிமீட்டர் அளவுகோல்

இரண்டாவது சோதனைக்கு ஓர் எண் போதும். பெரியவர்களின் விரலில் ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்கு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். பொம்மை பெரிதானாலும் சிறிதானாலும் அதைச் செய்தவரின் விரல் மாறுவதில்லை. ஆகவே ரேகை என்பது படத்துக்குள்ளேயே ஒட்டியிருக்கும் ஓர் அளவுகோல்.

நம் தேநீர் விற்பவரையே எடுத்துக்கொள்வோம். அவர் 20 சென்டிமீட்டர் உயரமுள்ள பொம்மை. படம் 1024 பிக்சல் உயரம்; அதில் தலையிலிருந்து கால்வரை அவர் 800 பிக்சல் நிற்கிறார். அப்படியானால் ஒரு சென்டிமீட்டருக்கு 40 பிக்சல், ஒரு மில்லிமீட்டருக்கு 4 பிக்சல். அரை மில்லிமீட்டர் இடைவெளிக்கு 2 பிக்சல்தான் கிடைக்கும். மேட்டுக்கு ஒன்று, பள்ளத்துக்கு ஒன்று. அவ்வளவு நெருக்கத்தில் கோடு கோடாகத் தெரியாது. சற்றுச் சொரசொரப்பான பரப்பாகத்தான் தெரியும். முழு உருவத்தைக் காட்டும் படத்தில் உண்மையாகத் தெரியக்கூடியவை, விரல் அழுத்திய குழிகளும் இழுத்த தடங்களும்தான்.

இப்போது செயலி தந்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அதே 800 பிக்சல் பொம்மையின் வயிற்றில் ரேகைக் கோடுகள் 10 பிக்சல் இடைவெளியில் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். 800-ஐ 10-ஆல் வகுத்தால் 80 மேடுகள். 80 மேடுகளுக்கு 40 மில்லிமீட்டர். அப்படியென்றால் அந்தப் பொம்மை 4 சென்டிமீட்டர் உயரம்தான்! சட்டைப் பொத்தான், கண்ணிமை, கையிலுள்ள குவளை எல்லாவற்றையும் அவ்வளவு நுணுக்கமாக நாலு சென்டிமீட்டர் பொம்மையில் யார் செய்திருக்க முடியும்? அல்லது, பொம்மை 20 சென்டிமீட்டர்தான் என்றால், அதைத் தொட்டவரின் விரல் நம் விரலைப் போல் ஐந்து மடங்கு பெரிது.

பொம்மையின் உயரம் தெரியாவிட்டாலும் சோதிக்கலாம். ஒரு தனி ரேகைத் தடத்தில் எத்தனை மேடுகள் என்று எண்ணுங்கள். விரல் நுனியின் அகலம் ஏறக்குறைய 15 மில்லிமீட்டர். நன்றாக அழுத்தினால் 30 மேடுகள் வரை பதியும். வளைந்த பரப்பில் லேசாகத் தொட்டால் குறையும் என்பது உண்மை. ஆனால் முழுச் சுழியும் அதைச் சுற்றிய வட்டங்களும் அழகாகத் தெரியும் ஒரு தடத்தில் மொத்தமே ஆறு, ஏழு கோடுகள் என்றால், அந்த விரல் மூன்று, மூன்றரை மில்லிமீட்டர் அகலம். அப்படி ஒரு விரல் எந்த மனிதருக்கும் இல்லை.

இந்தக் கணக்கு கட்டளையையும் மாற்றுகிறது. கோடுகள் தெளிவாகத் தெரிய, ஓர் இடைவெளிக்கு 8 பிக்சலாவது வேண்டும் என்று வைத்தால், மில்லிமீட்டருக்கு 16 பிக்சல். 1024 பிக்சலுக்குள் 64 மில்லிமீட்டர்தான் அடங்கும். 20 சென்டிமீட்டர் பொம்மையில் அது தலையின் அளவு. ஆகவே ரேகை வேண்டுமா, தலையை நெருக்கமாகக் காட்டச் சொல்லுங்கள். முழு உருவம் வேண்டுமா, ரேகையை விட்டுவிட்டு விரல் குழிகளைக் கேளுங்கள். இரண்டையும் ஒரே படத்தில் கேட்பதுதான் அந்த ராட்சத விரலை வரவழைக்கிறது.

சுருங்க மறுக்கும் தேநீர்

குட்டி அரங்கம் என்ற சொல்லுக்குப் பின்னாலும் ஒரு காரணம் உண்டு. சுவரைச் சுருக்கலாம், நாற்காலியைச் சுருக்கலாம். தண்ணீர்த் துளியைச் சுருக்க முடியாது. குழாயிலிருந்து சொட்டும் துளி சில மில்லிமீட்டர் அகலம் இருப்பது பரப்பு இழுவிசையால். நம் அரங்கம் சிறியதென்று அந்த விசை மாறிவிடாது. இரண்டு சென்டிமீட்டர் குவளைக்குப் பக்கத்தில் உண்மைத் துளியை வைத்தால், ஆளுக்குப் பக்கத்தில் பந்து கிடப்பது போல் இருக்கும். அதோடு, தண்ணீர் பிளாஸ்டிசின் பொம்மைகளைக் கெடுத்துவிடும். ஆர்ட்மேன் நிறுவனம் 2006-இல் வெளியிட்ட ‘ஃபிளஷ்ட் அவே’ சாக்கடைக்குள் நடக்கும் கதை, தண்ணீர் அதிகம். அதனாலேயே அந்தப் படத்தைக் களிமண்ணில் எடுக்காமல் கணினியில் உருவாக்கினார்கள்.

நம் மாமாக் கடைப் பொம்மை தே தாரிக் ஆற்றுகிறது என்று வையுங்கள். செயலி பெரும்பாலும் நுரை பொங்கும் உண்மையான தேநீரைத்தான் வரையும். குவளையில் நிஜத் தேநீர், கையில் களிமண். பார்ப்பவருக்கு ஏதோ சரியில்லை என்று படும். ஏனென்று சொல்லத் தெரியாது. உண்மையான அரங்கத்தில் அந்தத் தேநீர்க் கயிற்றை முறுக்கிய செலோஃபேன் தாளில் செய்யலாம், நுரையைப் பஞ்சில் செய்யலாம். அப்படியே கட்டளையிலும் பொருளின் பெயரைச் சொல்லுங்கள். ‘குட்டி அரங்க நுணுக்கங்கள்’ என்று எழுதுவதைவிட, ‘வண்ணம் பூசிய அட்டைச் சுவர், போத்தல் மூடியில் செய்த குவளை’ என்று எழுதுவது செயலிக்குத் தெளிவான வேலையைக் கொடுக்கிறது.

இவை எல்லாவற்றையும் சேர்த்தால் நம் கட்டளை இப்படி ஆகும்:

```
close-up of the head and hands of a plasticine puppet,
a Malaysian tea seller, shallow thumb dents on the cheek,
fine fingerprint ridges where light turns to shadow,
one large softbox from the far left, weak fill on the right,
painted cardboard stall wall, cup made from a bottle cap,
tea made from a twisted strip of brown cellophane
```

இதில் ‘அழகான’, ‘அற்புதமான’ என்ற சொற்கள் இல்லை. படப்பிடிப்பு மேசையில் வைக்கக்கூடிய பொருள்களும், விளக்கு நிற்கும் இடமும் மட்டுமே இருக்கின்றன. எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லை என்பதையும் கவனியுங்கள். ஒரு நிறுவனத்தின் பெயரைப் போட்டால், அவர்கள் பல ஆண்டு உழைத்து வளர்த்த மூக்கும் வாயும் உங்கள் பொம்மைக்கு வந்துவிடும். காரணத்தை எழுதினால் உங்கள் பொம்மை உங்கள் பொம்மையாகவே இருக்கும்.

நீளமான கட்டளை எழுதிவிட்டால் படம் சரியாக வரும் என்று நான் சொல்லவில்லை. ‘ஒளி நிழலாக மாறும் இடத்தில்’ என்ற சொற்களைச் செயலி சில முறை கண்டுகொள்ளாது. அப்போது அறிவியல் கூடத்தில் செய்வதையே செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றுங்கள். சில செயலிகளில் ‘சீட்’ என்ற எண் இருக்கும்; அதை மாற்றாமல் வைத்தால் தொடக்கப் புள்ளி ஒன்றாகவே இருக்கும். அதை நிறுத்திவைத்து, முதலில் விளக்கின் திசையை மட்டும் மாற்றிப் பாருங்கள். பிறகு நெருக்கத்தை மாற்றுங்கள். எல்லாச் சொற்களையும் ஒரே நேரத்தில் மாற்றினால், எந்தச் சொல் எதைச் செய்தது என்று ஒருபோதும் தெரியாது. செயலியைத் திறக்கும் முன் உங்கள் வயதுக்கு அதில் அனுமதி உள்ளதா என்றும் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள்.

தடயத்துக்கு ஒரு பொருள் உண்டு

“சார், படம் அழகா இருந்தா போதாதா? யாரு ரேகைய எண்ணப் போறாங்க?” என்று வகுப்பில் ஒரு மாணவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு வாழ்த்து அட்டைக்கு, ஒரு வேடிக்கைப் படத்துக்கு அது போதும்தான். ரேகை தப்பாக இருப்பதால் யாருக்கும் நட்டமில்லை.

ஆனால் கண்காட்சி மேசையில் அதே படம் ‘நாங்கள் செய்த களிமண் பொம்மை’ என்ற தலைப்போடு நிற்கும்போது நிலைமை மாறுகிறது. பக்கத்து மேசையில் ஒரு குழு மூன்று வாரம் பிசைந்து, அசைத்து, படமெடுத்து வந்திருக்கிறது. அவர்கள் பொம்மையின் ரேகை ‘நான் தொட்டேன்’ என்று சொல்கிறது. உங்கள் படத்தின் ரேகையும் அதையேதான் சொல்கிறது. ஆனால் யாரும் தொடவில்லை. விரல் ரேகை என்பது அறிவியலில் சான்று. சான்றை அலங்காரமாகப் பயன்படுத்துபவர், அது அலங்காரம் என்று எழுதிவைக்க வேண்டும். படத்தின் அடியில் ‘செயற்கை நுண்ணறிவுச் செயலியில் உருவாக்கியது’ என்ற ஒரு வரியும், அதன் கீழே நீங்கள் எழுதிய கட்டளையும் இருக்கட்டும். நல்ல கட்டளை என்றால் அதைக் காட்டுவதில் உங்களுக்குப் பெருமைதான்.

இன்னொன்றையும் சொல்கிறேன். செயலிகள் நாளுக்கு நாள் மாறுகின்றன. ஆறு கோட்டு ரேகையை நாளை அவை முப்பது கோட்டு ரேகையாக வரையக்கூடும். அப்போது இந்தச் சோதனைகளில் சில பயன்படாமல் போகும். ஒளி பரப்பை உரசும்போது நிழல் நீளும் என்பதும், விரலின் மேடுகள் அரை மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன என்பதும் அப்போதும் மாறியிருக்காது. ஆகவே இந்த வாரம் கட்டளையைத் தட்டச்சு செய்வதற்கு முன், இரண்டு வெள்ளி கொடுத்து ஒரு துண்டு பிளாஸ்டிசின் வாங்குங்கள். கட்டைவிரலை அழுத்துங்கள். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, கோடுகளை எண்ணுங்கள்.